சட்டத்துக்குள் போன பக்கம்

எதைக் கண்டாலும் சட்டம் போட்டுவிடத் துடிக்கும் கை எனக்கு. முப்பத்தோரு வருஷமாகப் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் படமோ, பட்டச் சான்றிதழோ, நான் போட்டால் நாலு மூலையும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம். என் மனைவி கிண்டல் செய்வாள்: "உங்க முன்னாடி சும்மா நின்னா என்னையும் கண்ணாடி போட்டு மாட்டிடுவீங்க."

அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஒல்லி உடம்பு. மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அது போதாமல் போய், காலையும் இரவும் இன்சுலின் ஊசியும் சேர்ந்துகொண்டது. கிளினிக் நர்ஸ் அவளை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசி, ஒரு தாளும் கொடுத்தனுப்பினார். காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது, மருந்தை என்ன செய்வது என்று விளக்கும் தாள். நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன்.

வழவழப்பான நல்ல தாள். ஒரு பக்கத்தில் டம்ளரும் தட்டும் வண்ணத்தில் வரைந்திருந்தது. சமையலறையில் அழுக்காகி வீணாகுமே என்று அன்று சாயங்காலமே சட்டம் போட உட்கார்ந்தேன்.

"ஏங்க, பின்னாடியும் எழுதியிருக்கு. நர்ஸ் சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டுக் குடுத்திருக்காங்க."

"படம் இருக்கற பக்கம்தான் முன்பக்கம். பின்பக்கத்த யாரு பாக்கப்போறா? உனக்குத்தான் அவங்க எல்லாம் சொல்லிட்டாங்களே."

"சொன்னாங்க. இருந்தாலும்..." என்று இழுத்தாள். நான் பின்பக்கத்தை மூடி அட்டையை வைத்து, ஆணியை அடித்துவிட்டேன். அடுப்புக்கு எதிரே மாட்டியதும் அவளே, "அழகாத்தான் இருக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நாலு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வாந்தியும் வயிற்றுப்போக்கும். கஞ்சி கூட வயிற்றில் தங்கவில்லை. நான் சட்டத்தின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். ஒரேயடியாகக் குடிக்காமல் சில நிமிஷத்துக்கு ஒரு வாய் குடியுங்கள். சாப்பாடு இறங்காவிட்டால் கஞ்சியோ பழச்சாறோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்தி வையுங்கள். வழக்கம்போலச் சாப்பிட ஆரம்பித்த பிறகு தொடரலாம்.

"ஊசி?" என்று கேட்டாள். "ஊசியப் பத்தி அவங்க ஏதோ அழுத்திச் சொன்னாங்க. இப்ப சரியா ஞாபகம் வரல."

"மாத்திரையவே நிறுத்தச் சொல்லியிருக்கு. ஊசி அத விடப் பவரு. சாப்பிடாத வயித்துல போட்டு மயக்கம் வந்தா என்ன பண்ணுவ?"

அவள் தலையாட்டினாள். எனக்குத் தெரியும் என்று நம்பினாள்.

இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தேன். எவ்வளவு கொடுத்தாலும் தாகம் அடங்கவில்லை. சாப்பிடவே இல்லையே, சர்க்கரை எங்கிருந்து ஏறும் என்று, வீட்டிலிருந்த சர்க்கரை பார்க்கும் மீட்டரைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு பெரிதாக இரைத்தது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இன்சுலின் கடைசியா எப்ப போட்டாங்க?"

"நிறுத்தச் சொல்லித்தான் தாள்லயே எழுதியிருக்கு, டாக்டர்."

"அப்படி எழுதியிருக்காதுங்க. சாப்பிடாட்டியும் உடம்புக்கு இன்சுலின் வேணும். காய்ச்சல்ல சர்க்கரை இன்னும் ஏறும். இன்சுலின் இல்லாம ரத்தத்துல அமிலம் சேந்துபோச்சு." கோபமில்லாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சட்டத்தை இறக்கினேன். குறடால் ஆணிகளைப் பிடுங்கினேன். நான் அடித்த ஆணிகள், லேசில் வரவில்லை. அட்டையை எடுத்ததும் சிவப்பு வட்டம் தெரிந்தது. உள்ளே: "இன்சுலினை நீங்களாக ஒருபோதும் நிறுத்தாதீர்கள், சாப்பிட முடியாவிட்டாலும்கூட. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், எங்களிடம் கேளுங்கள்." கீழே நர்ஸ் கைப்பட ஒரு போன் நம்பர் எழுதியிருந்தார். இத்தனை நாளும் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நேற்று மகள் அவள் அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தாள். "நீங்களே போடுங்கப்பா. உங்க கையால போட்டாத்தான் அம்மாவுக்குப் பிடிக்கும்."

கண்ணாடியைத் துடைத்தேன். நாலு மூலையும் சரியாக வந்தது. அட்டையை வைக்கப்போனவன், படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மறுபடியும் திருப்பிப் பார்த்தேன். அட்டை வைத்து மூடக் கை வரவில்லை.