இடக் கன்னத்துத் தழும்பு

கொழும்பு வெள்ளவத்தையில் புகைப்பட நிலையமொன்றில் கணினியில் படம் திருத்துபவள் அருந்ததி. 2007 ஆவணியில் ஒரு காலை, நாகேந்திரம் அங்கே வந்தார். கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கி வேலை பார்த்த அவருடைய மகன் யோகநாதனை, ஒன்பது நாட்களுக்கு முன் வான் வண்டியில் வந்த சிலர் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். செய்தி கேட்டு, தரைப்பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்திருந்தார் அவர்.

"முறைப்பாட்டுக்குப் படம் வேணுமாம், பிள்ளை. வீட்டுப் படமெல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சுது. இது ஒண்டுதான் இருக்கு."

இந்த வருடம் கொழும்பில் தீர்த்தத் திருவிழாவில் எடுத்து மகன் அனுப்பியிருந்த படம். முகம் முழுக்க மஞ்சளும் குங்குமமும். சிரிப்பு மட்டும் தெரிந்தது.

"இதைத் துடைச்சு, முகத்தைத் தெளிவாக்கித் தாங்கோ."

அருந்ததி காதோரத்துத் தோலின் நிறத்தை எடுத்து, பொடி மெல்லியதாய் இருந்த இடங்களில் நிறத்தை மட்டும் மாற்றினாள். ஒளியும் நிழலும் மயிர்த்துளைகளும் அப்படியே நின்றன. இடக் கன்னத்தில் குங்குமம் கனத்திருந்தது. வலக் கன்னத்தைத் திருப்பி அங்கே ஒட்டினாள். வெயில் வலப்பக்கமிருந்து விழுந்திருந்ததால் ஒட்டிய கன்னம் தனியே மினுங்கியது; மெழுகு பூசியதுபோல் இருந்தது.

ஒட்டியதை நீக்கிவிட்டு, படத்தில் சிவப்பு நிறத்தின் அடுக்கை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாய்த் திறந்து பார்த்தாள். அதில் குங்குமம் தோலைப்போல வெளிறித் தெரியும். வெளிறிய இடத்துக்குள் கறுப்பாய் ஒரு கோடு ஓடியது.

"ஐயா, மகனுக்கு இந்தக் கன்னத்திலை தழும்பு இருக்கோ?"

"இல்லை. அவன்ர முகம் எனக்குத் தெரியாதோ?" அவர் குரல் உயர்ந்தது. "அழிச்சு விடுங்கோ."

அவள் அழிக்கவில்லை. மகனோடு தங்கியிருந்தவரின் இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தாள். ஒஸ்வால்ட் என்ற அந்த ஆள் உடனே சொன்னார்:

"ஓம், மாசியிலை மோட்டர்சைக்கிளாலை விழுந்தவன். ஏழு தையல். வீட்டுக்குச் சொல்ல வேண்டாமெண்டு எங்களைக் கெஞ்சினவன்."

அவள் தொலைபேசியை நாகேந்திரத்திடம் நீட்டினாள். கேட்டு முடித்தவர் அதை மேசையில் வைத்தார்.

"ஆறு மாசமா எனக்குச் சொல்லேல்லை," என்றார். பிறகு, "இருக்கிறதை இருக்கிற மாதிரியே போடுங்கோ, பிள்ளை."

கோட்டைத் தொடாமல் அதைச் சுற்றியிருந்த சிவப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கினாள். பொடி முற்றாக மூடியிருந்த இடங்களுக்கு, அதே கன்னத்தின் கீழ்ப்பக்கத் தோலை எடுத்தாள். மதியத்துக்குள் திரையில் ஒரு மனிதன் இருந்தான். நாகேந்திரம் அவன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஐப்பசியில் அவர் திரும்பி வந்தார். தடுப்பு முகாமிலிருந்து விடுபட்ட ஒருவருக்கு அந்தப் படத்தைக் காட்டியிருந்தார். முகாமில் தாடி வளர்ந்து மெலிந்துபோயிருந்தவனை, படத்து முகத்தை வைத்து அந்த ஆளால் அடையாளம் காண முடியவில்லை; தழும்பை வைத்துத்தான் கண்டுகொண்டார்.

"பக்கத்திலை படுத்தவனாம். உயிரோட இருக்கிறான், பிள்ளை."

கதிரையில் அமர்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகனை மீட்க வழக்குப் போடும் வழக்கறிஞருக்கென்று படத்தில் இன்னும் ஆறு பிரதி கேட்டார்.