குறைந்த இருபத்தைந்து டாலர்

ஸஹானாவின் பெயரை வகுப்புப் பட்டியலிலிருந்து நீக்க இன்னும் நூற்றுப் பதினேழு மணி நேரம் இருந்தது. அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு; நம் கடிகாரத்தில் சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவளே போனில் சொன்னாள்.

"ஐயாயிரம் டாலர் கட்டணும்ப்பா. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சுதான் வந்திருக்காம். இருபத்தஞ்சு குறையுது."

"நீ கட்டிடேன்மா."

"கொண்டுவந்ததெல்லாம் ரூம் அட்வான்ஸுக்குப் போயிடுச்சு. கையில பதினொண்ணு இருக்கு. இங்க யாரையும் தெரியாது."

அனந்தகிருஷ்ணன் போனை வைத்தார். ராஜகீழ்ப்பாக்கம் காலனியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் முதலில் அவர் வீட்டு வாசலைத்தான் மிதிப்பார்கள். ஏழு இடங்களின் டாலர் விலையை வரைபடத்தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தார். பல்லாவரத்தில் ஒரு கடை, 'கமிஷன் கிடையாது' என்று போர்டு மாட்டியிருந்தது. அப்போது டாலரின் சந்தை விலை நாற்பத்து மூன்று ரூபாய் எழுபது காசு என்றால் கடைக்காரன் நாற்பத்தைந்து இருபதுக்கு விற்றான். ஐயாயிரம் டாலருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் சத்தமில்லாமல் போகும். இவர் பிடித்த வங்கியில் விலை நாற்பத்து நான்கு. கமிஷன், தந்திச் செலவு, சேவை வரி எல்லாம் சேர்த்தாலும் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தோடு முடிந்துவிடும். காலனியே மெச்சியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். படிவத்தின் கடைசியில், 'வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது?' என்று ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: அனுப்புபவர், பெறுபவர். அனுப்புபவர் என்றால் இன்னும் ஆயிரம் ரூபாய். அவர் பேனா பெறுபவர் பக்கம் சாய்ந்தது. பணத்தை வழியில் கைமாற்றிவிட்ட இன்னொரு வங்கி தன் கட்டணமான இருபத்தைந்து டாலரை ஸஹானாவின் கட்டணத்திலிருந்தே எடுத்துக்கொண்டது.

இது அவருக்கு அன்று காலை ஆறு முப்பத்தைந்துக்கே புரிந்துவிட்டது. ஆனால் மனைவி சாவித்ரி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படிக் குறைஞ்சுது?"

"பேங்க்ல ஏதோ குளறுபடி" என்றார்.

சாவித்ரி பள்ளிக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவருடன் வங்கிக்கு வந்தாள். அன்னியச் செலாவணி மேஜையில் வெண்ணிலா இருந்தாள். வேலையில் சேர்ந்து நான்கு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. புதுப் படிவம் கொடுத்தாள். அதே கேள்வி, அதே இரண்டு கட்டங்கள். அனுப்புபவர் என்று குறித்தால் சாவித்ரி, "போன தடவை என்ன போட்டீங்க?" என்பாள். அனந்தகிருஷ்ணன் இடது உள்ளங்கையால் அந்த வரியை மறைத்துக்கொண்டு இவ்வளவு சின்னத் தொகையில் கைவைக்க மாட்டார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடியும் பெறுபவரையே குறித்தார்.

ஆயிரத்து நூறு ரூபாய் மதிப்புள்ள இருபத்தைந்து டாலரை அனுப்ப ஆயிரத்து நூற்று இருபத்து நான்கு ரூபாய் ஆனது. பணம் கடல் தாண்டியது. வழியில் இருந்த வங்கி அதிலும் இருபத்தைந்து டாலரைக் கழித்துக்கொண்டு, மீதியைப் பல்கலைக்கழகத்துக்கு ஒழுங்காக அனுப்பி வைத்தது. மீதி எதுவும் இல்லை.

"பூஜ்யம் வந்திருக்குன்னு ரசீது குடுத்திருக்காங்கப்பா" என்றாள் ஸஹானா வியாழன் காலையில். "ரொம்ப மரியாதையா குடுத்தாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம். பேர் போனா விசாவும் போயிடும்."

பத்து மணிக்கு வங்கி திறந்தபோது நாற்பத்தொன்றரை மணி நேரம் மிச்சமிருந்தது. சாவித்ரி நாற்காலியில் உட்காரவில்லை.

"ரெண்டு தடவை எங்க பணத்தைத் தின்னுட்டீங்க. உன் பேர் என்னம்மா? ஹெட் ஆபீஸுக்கு எழுதறேன்."

"மேடம், நாங்க முழுசாதான் அனுப்பினோம்."

"அப்ப நடுவுல காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பென்ஷன் வாங்க வந்திருந்த பூவராகன், "நம்ம சார் ரேட் டேபிள் போட்டுப் பார்த்து அனுப்பினதே குறையுதுன்னா பேங்க்தான் சரியில்லை" என்றார்.

வெண்ணிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புதுப் படிவத்தை எடுத்து, "இப்ப போட்டா நாளைக்குச் சேர்ந்துடும் மேடம். இந்த வாட்டி 'அனுப்புபவர்' போட்டுடலாம். அப்பத்தான் முழுசா போகும்" என்றாள்.

"அது என்ன அனுப்புபவர்?"

வெண்ணிலா விளக்கினாள். சாவித்ரி பொறுமையாகக் கேட்டாள். பள்ளியில் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது அப்படித்தான் இருப்பாள்.

"அப்ப முன்னாடி ரெண்டு தடவையும் தப்பா டிக் பண்ணினது யாரு?"

வெண்ணிலா அனந்தகிருஷ்ணனைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"தெரியலை மேடம். நான்தான் சரியா கவனிக்காம போட்டிருப்பேன்."

"எழுதிக் குடு அதை. மேனேஜர்கிட்ட காட்டணும்."

வெண்ணிலா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். தேதி போட்டாள். 'ஐயா' என்று எழுதிக் காற்புள்ளி வைத்தாள்.

அனந்தகிருஷ்ணன் அந்தத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"நான்தான் சாவித்ரி. ரெண்டு தடவையும் நான்தான் டிக் பண்ணேன். ஆயிரம் ரூபா மிச்சமாகும்னு."