ஒட்டுமடிப்பில் ஒரு பெயர்

ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்குத் திருப்தி என்பது சந்நிதி வாசல் வரை வந்து திரும்பிப் போகும் சாமி. காலையிலிருந்து அவருடைய லேகியப் பெட்டியின் படத்தைக் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டதில் சித்ரலேகாவுக்குக் கழுத்து விட்டுப்போயிருந்தது. அண்ணாச்சி சரியென்றால் படம் இன்றே சிவகாசிக்கு அச்சுக்குப் போகும், அவளும் களக்காட்டு பஸ்ஸைப் பிடிக்கலாம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்.

திரையில் பெட்டி விரித்த நிலையில் கிடந்தது. வரிசையாக நான்கு முகங்கள், மேலும் கீழும் செருகு மூடிகள், வெட்டுவதற்கு முழுக்கோடு, மடிப்பதற்குப் புள்ளிக்கோடு. முன்முகம் பூராவும் அண்ணாச்சியின் மீசைதான்.

லேகியம் கிண்டும் அவர் மனைவி பேச்சித்தாய் அவருக்குப் பின்னால் நின்றாள். அடுப்புச் சூட்டில் கறுத்த கை.

"இவ பேரையும் போடணும்னு எங்க வீட்டுப் பிள்ளைக சொல்லுதுக. அந்தா, ஓரத்துல சும்மா கெடக்கே, அங்கன போட்டுரு தாயி," என்றார் அண்ணாச்சி.

அது ஒட்டுமடிப்பு. பசை தடவி நாலாவது முகத்துக்கு உள்ளே ஒட்டி மறைகிற பட்டை. சித்ரலேகா சொல்ல வாயெடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். பெயரைப் போட்டாள்.

"பிரமாதம்! சரி, அனுப்பு."

அவள் எழுந்துவிட்டாள். ஆனால் மடித்துப் பார்க்காமல் எதையும் அனுப்பியதில்லை. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டி, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்தி, பசை தடவிப் பெட்டியாக்கினாள். லேகிய பாட்டிலை உள்ளே இறக்கி மூடியைச் செருகினாள். கச்சிதம்.

பேச்சித்தாய் பெட்டியை வாங்கினாள். நாலு பக்கமும் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பிறகு ஓரத்தை நகத்தால் பைய நெம்பினாள். ஈரப் பசையில் இழுபட்டுப் பெயர் தெரிந்தது.

"இருக்கு," என்று அழுத்தி மூடினாள்.

சித்ரலேகாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"அது ஒட்டுற இடம் அண்ணாச்சி. உள்ள போயிரும். அங்கன மை இருந்தா பசையும் சரியாப் பிடிக்காது. நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

"அப்ப எடுத்துரு, சோலி முடிஞ்சுது."

எடுப்பது ஒரு பொத்தான். தட்டினால் பஸ் உண்டு. வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அவள் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. பெட்டியைப் பேச்சித்தாய் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. எங்கன போடணும்?"

பேச்சித்தாய் புருசனைப் பார்க்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்து, முன்முகத்தில் மீசையின் மேல் விரலை ஊன்றினாள்.

"இங்கன."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். விரல் நகர்வதாயில்லை. சித்ரலேகா நாற்காலியை இழுத்துப் போட்டு, வலிக்கிற கழுத்தோடு மறுபடியும் உட்கார்ந்தாள்.