ஈட்டுக்கு ஒரு வீடு

பேங்கின் மதிப்பீட்டாளர் வந்து வீட்டு வளவை நாடாப் பிடித்து அளக்கத் தொடங்கிய பிறகுதான், வீட்டை ஈடு வைக்கப் போகிறார்கள் என்பது நதீராவுக்குத் தெரிந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வீட்டுக்காரர் யார் என்று அவர் கேட்டார்.

"நான்தான். இது எண்ட வீடு."

"காணி உறுதியில கமீலா எண்டெல்லோ கிடக்கு?"

"அது எண்ட உம்மா."

மனிதர் உள்ளே வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை நிமிர்ந்து பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டு போய்விட்டார்.

கல்முனையில் மகளுக்குக் கலியாணம் என்றால் மகளோடு வீடும் சேர்ந்தே போகும். மாப்பிள்ளைதான் வீட்டுக்கு வருவார். நதீராவின் நிக்காஹ் நடந்த அன்றே இந்த வீடு அவளுடையது என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. அவளுடைய வாப்பா காலிதீனும் உம்மா கமீலாவும் அடுப்படிக்குப் பின்னால் இரண்டு அறை போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் உறுதியை மகள் பேருக்கு மாற்றி எழுதவில்லை. முத்திரைச் செலவு இருக்கிறது, அறுவடை முடியட்டும் என்று காலிதீன் சொன்னார். நாலு போகம் அறுத்தாயிற்று. இன்னும் எழுதவில்லை.

காலிதீன் நெல் வியாபாரி. காரைதீவில் தங்கராசாவின் அரிசி ஆலை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு விலைக்கு வந்திருந்தது. கையில் இருந்தது நாற்பத்து மூவாயிரம். அதில் ஐயாயிரத்தை முற்பணமாகக் கொடுத்துவிட்டார். மாத முடிவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முற்பணம் போய்விடும்.

மதிப்பீட்டாளர் வந்துபோன கதையைக் கேட்டு, அன்று இரவு மருமகன் மஜீட் பிசைந்த சோற்றை விட்டு எழும்பிவிட்டான். நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞன், அதிகம் பேசாதவன். காலையில் ஒரு பையோடு சைக்கிளில் ஏறினான். சாய்ந்தமருதில் உம்மா வீட்டில் கொஞ்ச நாள் நிற்கப் போவதாக மட்டும் சொன்னான். சொன்ன வீடு ஈட்டுக்குப் போகையில் மருமகன் தாய்வீட்டுக்குப் பை எடுத்துப் போவதற்கு என்ன அர்த்தமென்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நதீரா கதவைச் சாத்திக்கொண்டாள்.

கமீலா பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வீட்டை ஈடு வைக்கலாமா என்று புருசன் கேட்டபோது பாதி மனதோடு தலையாட்டியவள் அவள்தான். இப்போது அந்தத் தலையாட்டலை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. திங்கட்கிழமை இருவரும் பேங்குக்குப் போனார்கள். மனேஜர் நல்லரெத்தினம் மதிப்பீடு வந்துவிட்டதாகச் சொன்னார். வீடும் வளவும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பெறும். அதில் பாதி வரை கடன் தரலாம். தேவைப்படுவது அறுபத்தேழாயிரம்தானே, தாராளமாகக் கிடைக்கும்.

"ஈடு இல்லாமக் கடன் தரமாட்டீங்களா?" என்று கமீலா கேட்டாள்.

தரலாம், ஆனால் அது சம்பளக்காரருக்குத்தான் என்றார் மனேஜர். வியாபாரிக்குத் தர ஏலாது. டீச்சருக்கு என்றால் ஒரு வருடச் சம்பளம் அளவுக்கு, பன்னிரண்டாயிரம் மட்டில் வரும். அரசாங்க உத்தியோகம் பார்க்கும் இரண்டு பிணைக்காரர் வேண்டும். மூன்று வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். வட்டியும் இருபத்து நாலு வீதம். ஈட்டுக் கடனுக்குப் பதினெட்டு வீதம்தான், தவணையும் பத்து வருடம்.

"பாத்தியா புள்ள?" என்றார் காலிதீன். "வட்டியும் குறைவு, காசும் கூட. பன்னிரண்டாயிரத்த வெச்சு நான் மில்லுட கதவத்தான் வாங்கலாம்."

கமீலா அவர் பக்கம் திரும்பவில்லை. "கட்ட ஏலாமப் போனா என்ன நடக்கும், சேர்?"

மனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "சம்பளக் கடனெண்டா கடிதம் போடுவம். பிறகு பிணைக்காரரப் பிடிப்பம், கோட்டுக்குப் போவம். தீர்ப்புக் கிடைச்சா சொத்து இருந்தா அதிலயும் கை வைக்கலாம். ஆனா வழக்கு நடக்கோணும், வருசக்கணக்காகும். ஈட்டுக் கடன் அப்பிடியில்ல, டீச்சர். எங்கட பேங்குக்கு வழக்கே தேவையில்ல. பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தாப் போதும். அரசாங்கக் கசற்றிலயும் பேப்பரிலயும் விளம்பரம் போட்டு வீட்ட ஏலத்தில விப்பம்."

"ஆக்கள் குடியிருந்தாலுமா?"

"ஓம். குடியிருந்தாலும்தான்."

வெளியே வந்ததும் காலிதீன் சூடாகிவிட்டார். மில் ஓடத் தொடங்குமுன்னமே ஏலம் விடுகிறாயா என்று கேட்டார். மாதம் ஆயிரத்து இருநூறு ரூபா கட்ட வேண்டும், ஒரு போகம் பொய்த்தால் எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டாள். எழுபத்தெட்டுச் சூறாவளியில் இதே வீட்டின் கூரை பறந்ததும், தன் சம்பளத்தில் ஓடு போட்டதும் அவளுக்கு மறக்கவில்லை. அந்த வருடம் ஊரில் ஒரு மில்லும் ஓடவில்லை.

"உறுதியில உண்ட பேர் கிடக்கிறதால துள்ளுறாய்" என்றார் அவர். "வியாழக்கிழமை நொத்தாரிசுக்கிட்ட வா. வந்து ஒப்பம் வை. வேற கதை வேணாம்."

உறுதி அப்போது நொத்தாரிசு முகைதீன்பாவாவிடம் இருந்தது. பேங்குக்காக வீட்டு உரிமையைச் சரிபார்த்து ஈட்டு உறுதி எழுதுவதும் அவர்தான். செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கமீலா தனியாக அவரிடம் போனாள். என்ன எழுத வேண்டும் என்று சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஈட்டு உறுதி தயாராகக் கிடக்கிறது, இதை எழுதினால் அது செல்லாக் காகிதம், காலிதீனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். முத்திரைக்குக் காசைக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலிதீன் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்தபோது, கமீலாவும் நதீராவும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு சாட்சிகளும் இருந்தார்கள். மேசையில் கிடந்தது ஈட்டு உறுதி அல்ல, வீட்டை மகள் பேருக்கு எழுதும் நன்கொடை உறுதி. கமீலா ஒப்பமிட்டாயிற்று. ஏற்றுக்கொள்வதாக நதீரா ஒப்பம் வைத்துக்கொண்டிருந்தாள். 

காலிதீன் நின்றபடியே வாசித்தார். முகம் கறுத்தது.

"தங்கராசாவுக்கு நான் என்ன சொல்லுற? ஊருக்கு முன்னால எண்ட மானத்த வாங்கிட்டாய்."

"உங்கட மில்லுக்கு நானும் ஒப்பம் வைப்பன்" என்றாள் கமீலா. குரல் உயரவில்லை. "எண்ட சம்பளத்தில வைப்பன். போனா எண்ட சம்பளம் போகட்டும். மகள்ட வீட்டில வைக்கமாட்டன். இனி வைக்கவும் ஏலாது."

"பன்னிரண்டாயிரத்துக்கு ஆர் மில் தருவான்?"

"பாதி மில் தருவாரா எண்டு கேளுங்க. முற்பணத்தோட உங்கட்ட நாற்பத்து மூணு கிடக்கு. பன்னிரண்டையும் போட்டாப் பாதிக்குச் சரி."

"கூட்டா? நானா?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியேறிப் போனார். அன்று சாப்பிடவும் வரவில்லை.

பிணைக்குக் கமீலா இரண்டு ஆசிரியைகளைக் கேட்டாள். சுஹறா ஒரு நாள் யோசித்து, புருசனிடம் கேட்டு, சம்மதித்தாள். பாண்டிருப்பு செல்லத்தங்கம் உடனேயே பேனாவை எடுத்தாள். "நீ கட்டாட்டி எண்ட சம்பளத்தில வெட்டுவாங்கள், தெரியுந்தானே? அப்ப மாசாமாசம் உண்ட வீட்டிலதான் சோறு, புருசன் புள்ளையோட வருவன்." சிரித்துக்கொண்டே சொன்னாலும் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் ஒப்பமிட்டாள். மாதம் நானூற்று எழுபது ரூபா. மூன்று வருடத்துக்குப் புதுச் சேலை இல்லை என்று கமீலா அன்றே முடிவுசெய்துகொண்டாள்.

உறுதி எழுதிய செய்தி எப்படியோ சாய்ந்தமருதுக்குப் போனது. சனிக்கிழமை பின்னேரம் மஜீட்டின் சைக்கிள் வாசலில் நின்றது. பை ஹாண்டிலில் தொங்கியது. அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான்.

காலிதீன் மட்டும் கமீலாவோடு கதைக்காமலே திரிந்தார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது காரைதீவுக்குப் போய், பொழுது பட்ட பிறகு வந்தார். பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"தங்கராசா கூட்டுக்குச் சம்மதிச்சிட்டான். ஆனா மில்லுட பேர்ப் பலகையில அவன்ட பேர்தான் முதல்ல வரணுமாம்."

"வரட்டும்" என்றாள் கமீலா. "கைய கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."