இருநூற்று எண்பத்தாறு

கஜந்தினி விரல் வேகத்தில் பெயர் எடுத்தவள். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பாள்; கண் படிவத்தில், வாய் பக்கத்து மேசைத் தாரிகாவோடு கதையில். பதினொரு வருடமாக இதே வேலை. மானிப்பாயில் பலசரக்குக் கடைக்காரர் வீட்டு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து நடந்த, சீனி வருத்தம் எனப்படும் நீரிழிவு பற்றிய ஆய்வுக்கு அவளைக் கூப்பிட்டுப் பிடித்ததே அந்தப் பெயருக்காகத்தான். தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. அதை அவள் அனுபவம் என்று சொல்லிக்கொள்வாள்.

ஆய்வில் வேலை முறை எளிது. தாதிமார் ஊர் ஊராகப் போய் வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்கள். ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்ததும் அதைப் படிவத்தில் பேனையால் எழுதுவார்கள். ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். முதலில் தாரிகா, பிறகு கஜந்தினி. ஒருத்தி அடித்ததை மற்றவள் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் மயூரதன் இரண்டையும் ஒப்பிடுவார். எங்கெங்கே வித்தியாசமோ அங்கெல்லாம் பூட்டிய அலுமாரியிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்து, எது சரியென்று அவரே முடிவு சொல்வார்; அப்படிக் கணினியில் நின்ற எண்தான் இரத்தம் கொடுத்தவருக்குக் கடிதமாகப் போகும். ஒரே இடத்தில் இரண்டு பேரும் ஒரே பிழையை விடுவது அபூர்வம் என்பதால்தான் இரண்டு தரம் அடிக்கிறார்கள். இருநூற்று எண்பத்தாறை எண்பத்தாறு என்று அடித்துவிட்டால், அதுவும் ஒரு மனுசனுக்கு இருக்கக்கூடிய சீனிதான். அதைப் பார்த்துக் கணினி முகம் சுளிக்காது. இரண்டாம் ஆள் வேறாக அடித்தால் மட்டுமே அது பிழை என்று தெரியவரும்.

இதில் கெடுதல் செய்தது ஒரு தாள். மயூரதன் நல்லவர்தான், ஆனால் எல்லாவற்றையும் அட்டவணையாக்கும் வியாதி அவருக்கு உண்டு. ஒரு வாரத்தில் யார் எத்தனை பிழை விட்டார் என்று பெயரோடு எழுதி, தேநீர் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். தாதிமார், வாகனமோட்டி, கூட்ட வருகிற அம்மா, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு அதைத்தான் வாசிப்பார்கள். முதல் கிழமை தாரிகா பத்தொன்பது, கஜந்தினி நாலு. தாரிகா வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமைதான். மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை கிணற்றடியில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி வந்தாள்.

அடுத்த கிழமையே கஜந்தினி வழி கண்டுபிடித்தாள். ஒப்பீட்டுக்கான கடவுச்சொல் மூத்தவள் என்ற முறையில் அவளிடமும் இருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் மயூரதன் களத்துக்குப் போனதும் தானே ஒப்பிட்டுப் பார்ப்பாள். வித்தியாசங்களின் பட்டியல் வரும். இருவரும் கூடியிருந்து, எனக்கு ஞாபகம் இப்படி, உனக்கு எப்படி என்று பேசி, ஒருத்தி மற்றவளுடைய எண்ணுக்கு மாற்றிவிடுவாள். படிவத்தை எடுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அலுமாரித் திறப்பு மயூரதனின் பையில். கேட்டால் ஏனென்று கேட்பார். எல்லாவற்றையும் சரிக்கட்டினால் சந்தேகம் வரும் என்று மூன்று நாலை விட்டுவைப்பாள். வெள்ளிக்கிழமை சுவரில் தாரிகா இரண்டு, கஜந்தினி ஒன்று. மயூரதன் மேலிடத்துக்குப் பெருமையாக மின்னஞ்சல் போட்டார். அந்தச் சுற்றுப் படிவங்கள் முடியும்வரை ஐந்து கிழமை இப்படியே போனது. தாரிகாவுக்கு உதவி செய்கிறேன் என்று கஜந்தினி உண்மையாகவே நம்பினாள். ஒன்று என்ற அந்த எண் தன் பெயருக்கு நேரே நிற்பதைப் பார்க்க இனித்ததை மட்டும் அவள் நினைக்க விரும்பவில்லை.

நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிபோல, படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. இணுவிலிலிருந்து அருளம்பலம் என்று ஒருவர் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், தோட்டக்காரர். வலது காலில் வெள்ளைத் துணிக்கட்டு. பேருந்தில் வந்து, அந்த நெட்டான படியையும் ஏறியதில் மூச்சு வாங்கியது. கையிலிருந்த பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து மயூரதனிடம் கொடுத்தார். ஆய்வு அலுவலகம் அனுப்பிய கடிதம்தான். தங்கள் குருதியில் சீனி 86, சாதாரண அளவு என்று இருந்தது.

"குறை சொல்ல வரேல்லைத் தம்பி," என்றார். "ஆஸ்பத்திரியிலை முந்நூற்றுச் சொச்சம் எண்டு சொல்லுகினம். உங்கடை கடிதத்திலை எண்பத்தாறு. ஆஸ்பத்திரி மிசினோ உங்கடை மிசினோ, ஆற்றை பிழையெண்டு கேக்கச் சொல்லி டொக்டர் விட்டவர்."

மற்றதையெல்லாம் அவர் உட்கார்ந்து அவசரப்படாமல் சொன்னார். வெங்காயத்துக்குப் பாத்தி கட்டும்போது மண்வெட்டி கால் பெருவிரலில் பட்டதாம். ஆறவில்லை. தாகமும் சோர்வும் இருந்தன, வெயிலென்று நினைத்தாராம். சீனி இல்லையென்று கடிதம் வந்துவிட்டதே, பிறகென்ன பயம் என்று பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போயிருக்கிறார். போன மாதம் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மயூரதன் அலுமாரியைத் திறந்து படிவத்தைத் தேடினார். கஜந்தினிக்கு அது எந்தப் படிவக் கட்டுக்குள் இருக்கிறது என்றுகூடத் தெரிந்துவிட்டது. நாலாம் கிழமைக் கட்டு. அந்தக் கிழமை வியாழக்கிழமை தாரிகா அரைநாள் லீவில் நெல்லியடிக்குப் போயிருந்தாள். ஒப்பிட்டபோது பதினாலு வித்தியாசம் வந்தது. தாரிகாவின் கணக்கைத் திறக்க கஜந்தினியிடம் கடவுச்சொல் இல்லை; தன்னுடையதை மட்டுமே மாற்றலாம். மயூரதனின் மோட்டார் சைக்கிள் எந்த நேரமும் வரக்கூடும். மூன்றை விட்டுவிட்டு, மிச்சம் பதினொன்றையும் தாரிகா அடித்தபடியே மாற்றினாள். அதில் ஒன்றில் தாரிகா 86, அவள் 286. அந்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. தாதியின் குண்டெழுத்தில் இரண்டு என்ற இலக்கத்தைப் பார்த்த ஞாபகம் நன்றாகவே இருந்தது. இருந்தும் அந்த இரண்டை அழித்தாள்.

மயூரதன் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 286. குழந்தைப்பிள்ளையும் வாசிக்கும். கணினியில் இரண்டு பதிவுகளையும் திறந்தார். தாரிகா 86, கஜந்தினி 86. பழைய எண்ணைக் கணினி வைத்திருப்பதில்லை, மாற்றினால் மாற்றியதுதான். அவருக்கு விளங்கவில்லை. எழுத்துத் தெளிவில்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பிழை விடலாம், இவ்வளவு தெளிவாக இருக்க எப்படி என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். பிறகு, முதலில் அடித்தவள் தாரிகா என்று அவள் பக்கம் திரும்பினார். கவனயீனம், ஒரு மனுசனின் கால், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார். கஜந்தினியை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் தவறுமா என்று வருத்தத்தோடு ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

தாரிகா படிவத்தை எட்டிப் பார்த்தாள். தான் இரண்டை விட்டுவிட்டது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்காவும் அப்படியே விட்டிருக்கிறாளே என்று குழப்பத்தோடு கஜந்தினியைப் பார்த்தாள். வியாழக்கிழமைக் கதையை அவள் சொல்லமாட்டாள் என்று கஜந்தினிக்குத் தெரியும். அந்த நேரத்தில் கஜந்தினி செய்தது என்ன தெரியுமா? வந்தவருக்குத் தேநீர் போடப் போனாள். வெட்கம் கெட்ட காரியம்தான். சீனி போடாமல் கலக்கினாள். இப்போது பேசாமல் இருந்தால் இது இத்தோடு முடிந்துவிடும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. சின்னப் பிள்ளை, வேறு வேலை கிடைக்கும் என்றும் சொன்னது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தேநீரை வாங்கிக்கொண்டே அருளம்பலம் மயூரதனிடம் கேட்டார். "உந்தப் பிள்ளையை நிப்பாட்டாதேங்கோ தம்பி. ஒரு இலக்கம் தானே. வேறை ஆருக்கும் இப்பிடிக் கடிதம் போகேல்லைத்தானே?"

மயூரதன் இல்லையென்று தலையாட்டினார். இரண்டு தரம் அடித்து ஒப்பிடுகிறோம், இது லட்சத்தில் ஒன்று என்றார்.

கஜந்தினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்து கிழமை, எண்பது எண்பதாக நானூறு படிவம். அதில் எத்தனையை மாற்றினோம், ஐம்பதா அறுபதா? எவை என்று அவளுக்கே தெரியாது. கணினிக்கும் தெரியாது. அவள் சொல்லாவிட்டால் இந்த உலகத்தில் ஒருவரும் தேடப்போவதில்லை.

"போயிருக்கும் சேர்," என்றாள்.

சொல்லத் தொடங்கினால் நிற்காது என்று பயந்தபடியே நடந்தது. கடவுச்சொல், வியாழக்கிழமைகள், சந்தேகம் வராமலிருக்க விட்டுவைத்த மூன்று நாலு, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். தன் சொற்படிதான் தாரிகா செய்தாள், 286ஐ மாற்றிய அன்று அவள் அலுவலகத்திலேயே இல்லை என்றாள். முகம் எரிந்தது. தாதி ஒருத்தி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் கண்டாள். நிறுத்தவில்லை.

மயூரதன் எழுந்து அலுமாரியிலிருந்து ஐந்து கட்டுகளையும் இறக்கினார். கஜந்தினி ஓடிப்போய்க் கை கொடுத்தாள். இரவு பகலாக இருந்து நானூறையும் திரும்ப அடித்துத் தருகிறேன் என்றாள்.

"நீங்கள் தொடாதேங்கோ," என்றார் அவர். அந்த எண்களை முன்பு பார்க்காத இரண்டு பேர், தனித்தனியாக, முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதுவரைக்கும் நானூறு பேருக்கும் கடிதத்தை நம்ப வேண்டாம், திரும்ப இரத்தம் சோதிக்க வேண்டும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். தாதிமாரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். முறை அதுதான் என்று கஜந்தினிக்கும் தெரியும். நீட்டிய கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

அருளம்பலம் தேநீரைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அப்ப நீங்கள் முதல் சரியாத்தான் அடிச்சனீங்கள்."

"ஓம் ஐயா."

"பிறகேன் பிள்ளை மாத்தினனீங்கள்?"

பிள்ளைக்கு உதவி, நேரமில்லை, திறப்பில்லை என்று எத்தனையோ காரணங்கள் நாக்குவரை வந்தன. அவருடைய காலைப் பார்த்ததும் ஒன்றும் எடுபடாது என்று தெரிந்தது.

"என்ரை பேருக்கு நேரை சின்ன இலக்கம் வேணுமெண்டு," என்றாள்.

அவர் மெல்லத் தலையாட்டினார். மடித்த கடிதத்தை விரித்து, அந்த எண்ணை ஒருமுறை பார்த்தார்.

"சின்ன இலக்கம் எனக்கும் நல்லாத்தான் இருந்தது பிள்ளை," என்றார். "வந்த அண்டைக்கு வீடு வீடாக் கொண்டுபோய்க் காட்டினனான்."