மேல் ஓட்டையில் செருகிய வயர்

லாரிக்காரனிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் பானெட்டைத் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டான். எங்கள் தெரு டிரைவரும் அப்படித்தான். முழங்கால் இரண்டும் போய், வண்டியை விட்டு இறங்கி உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. எதைத் திறக்க வேண்டும் என்று தெரியாமல் திறப்பவனைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அவனுக்கு ஒரே மகள். மகளும் மருமகனும் அவன் வீட்டோடுதான் இருந்தார்கள். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் சாமான் குடோனில் வேலை. மாமனார் ஜன்னலைப் பார்த்தபடியே நாளை ஓட்டுகிறாரே என்று, பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தான். லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றும் அதில் போட்டுக் கொடுத்தான். டிரைவர் மேஜையில் ஸ்டியரிங்கை மாட்டிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு ஹார்ன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கட்டிக் கொடுத்தவனுக்கு நன்றி கிடைத்ததா என்றால் இல்லை. வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை என்றால் டிரைவருக்கு இளக்காரம். ஒருமுறை டார்ச் லைட்டைக் காணோம் என்று அவனைத்தான் கேட்டான். டார்ச் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அன்றைக்கு மகள் என் முன்னாலேயே சொன்னாள்.

“அப்பா, இன்னொரு தடவை அவரைத் திருடன்னு சொன்னீங்கன்னா, நாங்க தனியாப் போயிடுவோம். அப்புறம் நீங்களும் உங்க டார்ச்சும் இருந்துக்குங்க.”

சொன்னால் செய்கிற பெண். அது டிரைவருக்கும் தெரியும்.

பிறகு முழங்காலை உத்தேசித்து அதே கட்டடத்தில் மாடி வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்கு மாறினார்கள். சாமான் தூக்கியவர்கள் கம்ப்யூட்டர் பெட்டியை அரிசி மூட்டை மாதிரி தோளில் போட்டுத்தான் இறக்கினார்கள். மாட்டிப் பார்த்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. மருமகன் வேலைக்குப் போயிருந்தான். டிரைவர் பெட்டியின் முதுகைத் தடவிப் பார்த்தான். திரையிலிருந்து வரும் வயர் கீழே ஓர் ஓட்டையில் இருந்தது. மேலேயும் அதே மாதிரி ஓர் ஓட்டை. பிடுங்கி மேலே செருகினான். படம் வந்துவிட்டது. அன்று தெருவில் போனவர் வந்தவரிடமெல்லாம் இதே பேச்சுத்தான். குடோன் வேலையெல்லாம் ஒரு வேலையா, ஒரு வயரை மாற்றினேன், தீர்ந்தது என்றான். மருமகனிடம் மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு விளையாட்டில் லாரி விக்கி விக்கி ஓடியது. பழசாகிவிட்டது என்று விட்டுவிட்டான்.

இந்த நேரத்தில்தான் மலைப்பாதையில் ஓட்டும் புது விளையாட்டு ஒன்று வந்தது. டிரைவருக்கு அது வேண்டும். ஆனால் பார்க்காமல் வாங்கமாட்டானே. விற்கும் இணையப் பக்கத்தில், கம்ப்யூட்டருக்கு என்னென்ன வேண்டும் என்று கீழே இரண்டு பத்தி போட்டிருக்கும். ஒன்று மினிமம். அந்த அளவு இருந்தால் ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும், படம் மங்கலாகத்தான் இருக்கும். இன்னொன்று ரெக்கமண்டட். அது இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். மருமகன் முன்பே சொல்லியிருந்தான், நம்முடையது எல்லாவற்றிலும் இரண்டாவது பத்தியைத் தாண்டும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்று. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதும் டிரைவருக்குக் கண் திறந்துகொண்டது. லீவில் இருந்த மகளை உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னான். நானும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அதுவே சொல்லும் ஒரு திரை இருக்கிறது. அதைத் திறந்து, பக்கத்தையும் திறந்துவைத்து, அந்தப் பெண் வரிவரியாக ஒப்பிட்டாள். ப்ராசஸர் தேறியது. ராம் தேறியது. ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு என்ற வரிக்கு வந்ததும் அவள் கை நின்றது.

மருமகன் சொன்ன கார்டின் பெயர் அங்கே இல்லை. ப்ராசஸரோடு சேர்ந்து வரும் சாதாரண கிராபிக்ஸ் ஒன்றுதான் இருந்தது. அது மினிமத்துக்கே பக்கத்தில் வராது.

“என்னம்மா?” என்றான் டிரைவர்.

அவள் திரையை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். மருமகன் போன வாரம்தான் புது போன் வாங்கியிருந்தான். அது அவள் நினைவுக்கு வந்ததை அவள் முகத்தில் பார்த்தேன். என் நினைவுக்கும் வந்தது. டிரைவருக்கு வராமல் இருக்குமா?

மருமகன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் டிரைவர் கேட்டுவிட்டான்.

“கார்டைக் கழட்டி வித்துத்தான் போன் வாங்கினியா, மாப்பிள்ளை?”

அவன் முதலில் சிரித்தான். மாமனார் ஏதோ கிண்டல் செய்கிறார் என்று நினைத்திருப்பான். திரையைக் காட்டினோம். குனிந்து பார்த்தான், முகம் மாறிவிட்டது. கார்டு உள்ளேதான் இருக்கிறது மாமா, திறந்து பார்க்கலாம் என்றான். டிரைவர் விடவில்லை. நீ திறந்தால் நீயே ஒன்றைப் போட்டு மூடுவாய், வெளி ஆள்தான் திறக்க வேண்டும் என்றான். அந்த வார்த்தைக்கு மகள் எழுந்து நிற்பாள் என்று பார்த்தேன். மருமகனும் அவளைத்தான் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரை நான்தான் போய் அழைத்து வந்தேன். அவர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். கார்டு உள்ளேதான் இருந்தது. பல் கழன்ற மாதிரி, செருக வேண்டிய இடத்தை விட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தொங்கியது. அதைப் பெட்டியோடு இறுக்கும் ஸ்குரூ இல்லை. கட்டும்போதே மருமகன் போடாமல் விட்டிருக்கிறான். யோக்கியன்தான், ஆனால் அரைகுறை. தூக்கும்போது ஆட்டிய ஆட்டத்தில் வெளியே வந்துவிட்டது.

“வீடு மாத்தினீங்களா?” என்று கடைக்காரர் கேட்டார். பிறகு பெட்டியின் முதுகைப் பார்த்தார். “வயரை யாரு மேல மாத்தினது? இது மதர்போர்டோட ஓட்டை, கார்டு இல்லாமலே படம் வரும். கார்டு ஓட்டை கீழ இருக்கே. அதுல படம் வரலைன்னதும் என்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.”

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. தெருவெல்லாம் சொன்ன வாய்.

கடைக்காரர் கார்டை அழுத்திச் செருகி, ஸ்குரூ போட்டு, வயரைக் கீழ் ஓட்டைக்கு மாற்றினார். கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த வரியில் கார்டின் பெயர் வந்தது. இரண்டாவது பத்தியைத் தாண்டித்தான் இருந்தது. மருமகன் சொன்னதில் ஓர் எழுத்து பொய்யில்லை.

அவன் மாமனாரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்து தீர்ந்திருக்கும். மனைவியிடம் திரும்பினான்.

“அவர் சொல்றது எனக்குப் பழகிப்போச்சு. நீ ஏன் பேசலை?”

“எனக்கு அந்த நேரத்துல ஒண்ணும் தோணலைங்க.”

“தோணிச்சு. அதான் பேசலை.”

அவ்வளவுதான். கழற்றிய செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அவள் வாசல் வரை ஓடினாள். போன் அடித்தாள். புது போன்தான், மணி நன்றாகவே அடித்திருக்கும். அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தாள், அறைக்குப் போய் பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். போய் அவனைக் கூட்டி வருவதற்கா, அவனோடு போய்விடுவதற்கா என்று நான் கேட்கவில்லை. அவன் அவளைச் சேர்த்துக்கொள்வானா என்பது அவளுக்கே தெரியாது.

கடைக்காரர் சங்கடமாக நின்றார். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டார்.

“இப்ப எல்லாம் சரியா இருக்கு, பெரியவரே. கேமை வாங்கி இறக்கிடவா?”

வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். டிரைவர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பீரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“இறக்குங்க,” என்றான்.

ஆள் மேல் ஏற்றிவிட்டு, இறங்கிக்கூடப் பார்க்காமல் லோடைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவன் சர்வீஸில் அப்படிச் செய்தவன் இல்லை என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் ஹார்ன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மலைப்பாதை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, ஒரு விக்கல் இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை, டிரைவர் தனியாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், மேட்டில் எப்படி ஏறுகிறது பார் என்றான்.

நான் உள்ளே போகவில்லை.