உப்புத்தாள் சத்தம்

மரப்பட்டறை விளம்பரத்தின் முதல் எடிட்டில் அண்ணிதான் நடுநாயகம். முப்பத்தெட்டாவது விநாடியில் செல்லோ இசை அடங்கும். அடுத்த ஆறு விநாடிக்கு ஒரே ஷாட்: மேசைப் பலகையின் மேல் அண்ணியின் கை. உப்புத்தாளால் நீளவாக்கில் மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது, மறுபடி மூன்று இழுப்பு. அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நிமிட விளம்பரத்தில் ஒரே ஷாட்டுக்கு ஆறு விநாடி என்பது அரண்மனை கொடுப்பது மாதிரி. தங்கை மனசாரக் கொடுத்திருந்தாள். எடிட்டிங் அவளுக்குத் தொழில். மரப்பட்டறையோ அவளுடைய சொந்த அண்ணனுடையது.

ஷூட்டிங் முடிந்த வாரமே வீட்டில் இடி விழுந்தது. வந்திருந்த வாடிக்கையாளரிடம் அண்ணன் வாய் தவறி, "நம்ம வீட்டம்மா கடைசியில சும்மா துடைச்சுக் குடுப்பாங்க" என்றான். அண்ணி பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பதினோரு நாளாகிறது.

பன்னிரண்டாம் நாள் காலை அண்ணன் எடிட்டிங் அறைக்கு வந்தான். முழுசாகப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது.

"அவ ஷாட் எல்லாத்தையும் எடுத்துடு."

"அண்ணா, அதை எடுத்தா வீடியோவுக்கு முதுகெலும்பே போயிடும்."

"பட்டறை என்னோடது. போனவளுக்கு எதுக்குடி விளம்பரம்? நாளைக்குப் போட்டாகணும்."

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. கோபம் தணியட்டும், பிறகு பேசலாம் என்று நினைத்தாள். புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவில் போனால் ரெண்டு பக்கமும் அடி என்பதும் ஒரு சாக்கு.

அண்ணியை எடுத்ததும் கையில் மிஞ்சியதெல்லாம் துண்டு துக்கடா: அறுவை இயந்திரம், இழைப்புச் சுருள், பிசின், இறுக்கும் கவ்வி. நீளமாக நிற்கக்கூடிய ஷாட் ஒன்றுகூட இல்லை. மெதுவான இசைக்கு அவை ஓட்டை விழுந்த சல்லடையாகத் தெரிந்தன. அதனால் செல்லோவைத் தூக்கிவிட்டு, நிமிடத்துக்கு நூற்றிருபது தட்டு வரும் மேள ட்ராக் ஒன்றைப் போட்டாள். ரெண்டு தட்டுக்கு, அதாவது விநாடிக்கு ஒரு கட். வேகம் இருந்தால் எது இல்லையென்று யாரும் தேட மாட்டார்கள். அந்த வித்தை அவளுக்கு அத்துப்படி.

ஆனால் நிமிடம் முழுக்க மேளம் அடித்தால் காது மரத்துவிடும். எங்காவது ஓரிடத்தில் மூச்சு வாங்க வேண்டும். அண்ணன் பலகை தேய்க்கிற மாதிரி எடுத்த நாலு விநாடி ஷாட் ஒன்று இருந்தது. அதன் ஒலியில் வெளியே போன லாரியின் ஹாரன் அலறியது. அந்த ஒலியை நீக்கினாள். இசையை நிறுத்தினாள். அண்ணியின் உப்புத்தாள் சத்தத்தை எடுத்து அண்ணன் கைக்கு அடியில் வைத்தாள். அவன் கை ஷாட்டை அந்த நிறுத்தத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டியதும் இழுப்புக்கு இழுப்பு கச்சிதமாகப் பொருந்தியது. 'அண்ணியை ஒரு மூலையிலாவது வச்சிருக்கேன்' என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வீடியோ போட்ட அன்று மதியம் அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"நல்லாருக்கு கண்ணு. கட் எல்லாம் பிரமாதம்."

"அண்ணி, அது வந்து, அண்ணன்தான்..."

"தெரியும். முகத்தை எடுத்ததுக்குக் கோபமில்ல. கோபத்துல மனுஷன் பொண்டாட்டி போட்டோவையே கிழிப்பான். ஆனா மூணு இழுத்து நிறுத்துறது யாரு கண்ணு? உங்கண்ணன் என்னைக்காவது நிறுத்தித் தடவிப் பார்த்திருக்காரா? வேலையை எடுத்து அவர் கையில குடுத்துட்டியே. 'சும்மா துடைக்கிறா'ன்னு அவர் வாயால சொன்னதை நீ படமாவே காட்டிட்டே."

போனைக் காதில் வைத்தபடியே தங்கை அந்த நாலு விநாடியை மறுபடி ஓட்டினாள்.

"திங்கக்கிழமை வந்துடலாம்னு துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்தேன்" என்றாள் அண்ணி. குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "இங்க பக்கத்துல ஒரு பட்டறையில ஆள் கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

அன்று மாலை தங்கை அண்ணனின் பட்டறைக்குப் போனாள். அண்ணன் சிரித்த முகமாக இருந்தான். "பார்த்தியா, இதுக்குள்ள நாலு பேர் விசாரிச்சாச்சு. தேய்க்கிற இடம் அபாரம்னு எல்லாரும் சொல்றாங்க!"

"அது அண்ணியோட சத்தம்ணா."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், திங்கட்கிழமையையும் சேர்த்து.

அண்ணன் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான். விற்பனைக்கு வைத்தது, விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை. "நான்தான் முட்டாள்தனமாச் சொன்னேன். நீயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான்.

சொல்லியிருக்கலாம். ரெண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தால்கூடப் போதும். 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று ஊரில் எந்த எடிட்டரும் கூசாமல் சொல்லும் பொய்யைச் சொல்லியிருந்தாலே திங்கட்கிழமை வந்திருக்கும், அண்ணியும் வந்திருப்பாள்.

"வெட்டுன இடம் தெரியாம வெட்டணும்கிறதுலயே இருந்தேண்ணா" என்றாள். "யாரை வெட்டுறேன்னு பார்க்கல."